நான் சொன்னது ‘கேன்’, அவர் காதில் விழுந்தது ‘கான்ட்’: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சுவாமிமலை, சிலைப் பட்டறை

எங்கள் பட்டறையில் வெளியூர் ஆர்டர்களைப் பேசி முடிப்பது என் வேலை. போன மாசம் ஒரு அமெரிக்கக்காரர் இரண்டடி நடராஜர் கேட்டு போன் செய்தார். மெழுகு வேலை முடிந்து, மண் கட்டிக் காயவைத்திருந்தோம். இருபதாம் தேதிக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். “வீ கேன் சென்ட் இட் பை ட்வென்டியத்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டார். சாயங்காலம் மெயில் வந்தது: உங்களால் முடியாது என்பதால் வேறு இடத்தில் பார்க்கிறேன், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி கூப்பிட்டு விளக்கினேன், ஆனால் அதற்குள் அவர் வேறு இடத்தில் முன்பணம் கட்டிவிட்டார். ‘முடியும்’ என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னது எப்படி ‘முடியாது’ ஆனது? இங்கே யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மன்னார்குடி

தம்பி, நீங்க மெதுவா பேசினதுதான் தப்புன்னு நினைக்கிறேன். எம் பையன் சென்னையில கால் சென்டர்ல இருக்கான். முதல் மாசம் அவனை ரொம்பப் படுத்திட்டாங்க. வெள்ளைக்காரங்க ஸ்பீடா பேசறாங்க, நாமளும் அதே ஸ்பீடுல பேசினாத்தான் அவங்களுக்குப் புரியும். வீட்டுல அவனை டைம் வச்சு இங்கிலீஷ் பேப்பர் வாசிக்க வச்சேன். இப்ப பரவாயில்ல.

திருவையாறு, மிருதங்கம்

இது வேகம் சம்பந்தப்பட்டது இல்லை அம்மா, நடை சம்பந்தப்பட்டது. என்னிடம் லண்டனிலிருந்து ஒரு பையன் கற்றுக்கொள்ள வந்தான். கை நன்றாகப் பேசும், வாய்தான் பேசாது. ‘தகதிமி’ சொல்லச் சொன்னால் ‘ததீமி’ என்பான். ‘தி’ மட்டும் வீங்கிப் பெரிதாகிவிடும், அதற்கு முன்னால் இருக்கும் ‘க’ கரைந்தே போய்விடும். மெதுவாகச் சொல்லச் சொன்னாலும் அதேதான், வேகத்தைக் குறைத்தாலும் கோணல் போகவில்லை. தமிழில் எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நேரம், இங்கிலீஷில் அடி விழுகிற இடத்துக்கு மட்டும்தான் நேரம் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். நாலு மாசம் தொடையில் தட்டவைத்துத்தான் சரிசெய்தேன்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

சுவாமிமலைக்காரருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிதானமாகச் சொன்னதுதான் வினை.

அமெரிக்கர் சாதாரணமாகப் பேசும்போது ‘கேன்’ என்பதில் உயிரெழுத்து கிட்டத்தட்ட இருக்காது. ‘வீ க்ன் சென்ட் இட்’ என்று வரும், அழுத்தம் ‘சென்ட்’ மேல் விழும். ‘முடியாது’ என்கிறபோதுதான் அந்தச் சொல்லுக்கு முழு உயிரும் அழுத்தமும் கொடுப்பார்கள். அதன் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆகவே அவர்கள் காது ‘ட்’டைத் தேடுவதில்லை, சொல் முழுசாக ஒலித்ததா என்றுதான் பார்க்கிறது. நீங்கள் நம் வழக்கப்படி முழுசாக ‘கேன்’ என்றீர்கள். அவருக்கு அது ‘கேன்ட்’, அதாவது நாம் ‘கான்ட்’ என்கிற சொல். பிரிட்டிஷ்காரரிடம் இந்தக் குழப்பம் குறைவு, அவர்கள் அதை ‘கான்ட்’ என்று நெடிலாகவே சொல்வதால் உயிரே வேறாகிவிடுகிறது.

வகுப்பில் நான் செய்யவைத்த ஒன்றைச் சொல்கிறேன். மேசையில் மூன்று தட்டு தட்டிக்கொண்டே ‘கவ்ஸ் – ஈட் – க்ராஸ்’ என்று சொல்லுங்கள். அதே மூன்று தட்டில் ‘த கவ்ஸ் ஆர் ஈட்டிங் த க்ராஸ்’. பிறகு ‘த கவ்ஸ் வில் ஹேவ் பீன் ஈட்டிங் த க்ராஸ்’. மூன்று அசை ஒன்பது அசையானாலும் இங்கிலீஷ்காரர் மூன்று தட்டிலேயே முடித்துவிடுவார், நடுவில் இருக்கும் சில்லறைச் சொற்களை நசுக்கி. இப்போது ‘மாடு மேயுது’, ‘மாடு மேஞ்சுக்கிட்டிருக்கு’, ‘மாடு மேஞ்சுக்கிட்டிருந்திருக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். விகுதி சேரச் சேர நேரமும் நீள்கிறது, நாம் எதையும் நசுக்கி இடம் பண்ணுவதில்லை. என் மாணவர்கள் இங்கிலீஷ் வாக்கியத்தையும் இப்படியே நீட்டித்தான் தட்டுவார்கள்.

திருவையாற்று ஐயா சொன்னதில் பாதி சரி. அவர் சொல்கிற பிரிவுக்குப் பெயர் வைத்தவர் மொழியியலாளர் கென்னத் பைக், 1945-இல். 1967-இல் இன்னொரு மொழியியலாளர் அபர்கிராம்பி, உலக மொழிகள் எல்லாமே இந்த இரண்டு வகைக்குள் அடங்கும் என்றார். அசைக்கு அசை நடக்கும் மொழி என்று அவர் காட்டியவற்றில் தெலுங்கும் உண்டு. பிறகு கருவியில் அளந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சம அளவு கிடைக்கவே இல்லை. இங்கிலீஷில் தட்டுக்குத் தட்டு இடைவெளி சமமில்லை, மற்றதில் அசைக்கு அசை சமமில்லை. ‘எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு’ என்பதை நம் இலக்கணமே ஒப்புக்கொள்ளாதே ஐயா. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை.

திருவையாறு, மிருதங்கம்

மாத்திரைக் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘தகதிமி’யில் நாலும் குறில், அங்கே என் கணக்குச் சரிதான். கார்வை கொடுத்து ‘தாம்’ என்றால் நீங்கள் சொல்வது.

நாகப்பட்டினம்

டீச்சர், ஒரு சந்தேகம். நசுக்குவதே இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் ‘வரிசை’ வர்சையாகிவிட்டது, ‘போய்விட்டு வருகிறேன்’ போய்ட்டு வர்றேன் ஆகிவிட்டது. நாமும்தானே விழுங்குகிறோம்? அப்புறம், வட இந்திய நண்பர்கள் ஏன் தமிழைக் கேட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி என்கிறார்கள்? எனக்கு அது வருத்தமாகவே இருக்கும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். விழுங்குகிறோம், ஆனால் எதை விழுங்குகிறோம் என்று பாருங்கள். முதலசைக்கு அப்புறம் வருகிற குறிலைத்தான். ‘வர்றேன்’ என்பதில் ‘றே’ நெடில், அதை யாரும் தொடுவதில்லை. தொட்டால் பொருள் கெடும். பாடம் படமாகிவிடும். இங்கிலீஷில் அழுத்தம் நகர்ந்தால் எந்த உயிருக்கும் உத்தரவாதமில்லை. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முழுசாக இருக்கிற ‘ஃபோ’, ‘ஃபட்டாக்ரஃபி’ என்னும்போது ஒன்றுமில்லாமல் போகிறது.

இதனால் ஒரு வேடிக்கையான முடிவு வந்தது. 2002-இல் கிரேப், லோ என்ற இருவர் பல மொழிகளை அளந்தார்கள். அடுத்தடுத்த உயிர்கள் நீளத்தில் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்பதற்கு ஒரு எண் கொடுத்தார்கள். ஸ்பானிஷ் 30-க்குப் பக்கம், பிரெஞ்சு 44-க்குப் பக்கம். இங்கிலீஷ் 57, தமிழ் 56! எண்ணை மட்டும் பார்த்தால் தமிழும் இங்கிலீஷும் அக்கா தங்கை. அங்கே அழுத்தம் உயிரை நீட்டிக் குறைக்கிறது, இங்கே குறில் நெடில் அந்த வேலையைச் செய்கிறது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். ஆனால் மொழிக்கு ஒருவர் குரலைத்தான் அளந்தார்கள். உங்கள் நாகப்பட்டினத்துப் பேச்சை அளந்தால் எண் வேறாக வரலாம்.

குலுக்கல் பற்றி: நாம் விழுங்காமல் விட்ட குறிலை முழு ஒலியோடு சொல்வதால் கேட்பவர் காதில் ஒவ்வோர் அசையும் தனித்தனியாக விழுகிறது. அது அவர்களுக்கு வேகமாகத் தோன்றுகிறது. மன்னார்குடி அம்மா, உங்கள் பையன் தேறியதற்கும் வேகம் காரணமாக இருக்காது. வேகமாக வாசித்ததில் ‘ஆஃப்’, ‘டு’, ‘ஃபார்’ எல்லாம் தானாகவே சுருங்கியிருக்கும்.

மன்னார்குடி

அவனை இன்னிக்கு ராத்திரி கேக்கறேன். ஆனா ஸ்பீடு வந்த பிறகுதான் மார்க் ஏறுச்சு.

சுவாமிமலை, சிலைப் பட்டறை

டீச்சர், ‘க்ன்’ என்று சொல்லிப் பழகினேன். வாய் ஒத்துழைக்கவில்லை, கவனமாகச் சொல்லும்போதெல்லாம் பழையபடி ‘கேன்’ வந்துவிடுகிறது.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை

கவனம் வைத்தால் வரத்தான் செய்யும், ஏனென்றால் கவனமே அழுத்தம். ‘கேன்’ஐ விட்டுவிடுங்கள், ‘சென்ட்’டை ஓங்கிச் சொல்லுங்கள். பணம் சம்பந்தப்பட்ட பேச்சில் அந்தச் சொல்லே வேண்டாம். ‘யெஸ், வீ வில்’ என்று தொடங்குங்கள். முடியாது என்றால் ‘நோ’ முதலில் வரட்டும்.

நாகப்பட்டினம்

வீட்டில் ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்று சொல்லச்சொல்லித் தட்டிப் பார்த்தேன். அப்பா ஆறு தட்டு. தங்கை ‘வந்துகிட்ருக்கான்’ என்கிறாள், ஐந்துதான். ‘டி’ எங்கே என்று கேட்டால், சொன்னேனே என்கிறாள்.