புரோலாக்டின் 78, ஆனா பீரியட்ஸ் ரெகுலர். பெக் டெஸ்ட்னு ஒன்னு சொல்றாங்களே, அது என்ன?

நித்யா_ஈரோடு: கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகுது, குழந்தைக்காக செக்கப் போனப்ப பால் சுரக்க வைக்கற ஹார்மோனான புரோலாக்டின் 78 வந்துச்சு, அந்த லேப் போட்டிருக்கற நார்மல் 23 வரைக்கும்தான். எனக்கு பீரியட்ஸ் மாசாமாசம் சரியா வருது, மார்ல பால் கசியறது, தலைவலி, பார்வை மங்கறது எதுவும் இல்ல, தைராய்டும் நார்மல், வேற மாத்திரை எதுவும் எடுக்கல. டாக்டர் புரோலாக்டினைக் குறைக்கற கேபர்கோலின் மாத்திரை எழுதிட்டு எம்ஆர்ஐயும் எடுக்கச் சொல்லிட்டாங்க. தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க "முதல்ல பெக் போட்டுப் பாக்கச் சொல்லு"ன்னாங்க. பெக்னா பாலிஎத்திலீன் கிளைகாலாம். மாத்திரை இன்னும் ஆரம்பிக்கல, யாராவது சொல்லுங்களேன்.

செல்வம்_தாத்தா: அது மலச்சிக்கலுக்கு தண்ணில கலக்கிக் குடிக்கற பவுடராச்சேம்மா, எனக்கே குடுத்திருக்காங்க. அதைக் குடிச்சா ஹார்மோன் குறையுமா? டாக்டரைக் கேக்காம குடிக்காத.

லேப்_ரமணி: ஐயா, இது குடிக்கறதுக்கு இல்லீங்க, அதே குடும்பத்துப் பொருள்தான் ஆனா இங்க டியூப்ல ரத்த சீரத்தோட கலக்கறோம்.

நித்யா, சிலருக்கு புரோலாக்டினோட அவங்க உடம்போட ஆன்டிபாடியே ஒட்டிக்கும், அப்ப அது பெரிய உருண்டையா ஆயிடும், அதுக்குப் பேருதான் மேக்ரோபுரோலாக்டின். இவ்ளோ பெரிசா இருக்கறதால ரத்தக்குழாய் சுவரைத் தாண்டி வெளிய போக முடியாது, அதனால பீரியட்ஸையோ மார்பையோ பெருசா எதுவும் பண்றதில்ல, ஆனா உடம்பை விட்டு மெதுவாத்தான் போகும், அப்படியே ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே இருக்கும். மெஷின் அதையும் புரோலாக்டின்னுதான் எண்ணும். அதான் நம்பர் ஏறுது.

நாங்க பண்றது: பெக் 6000ல 25 சதவீதக் கரைசல், சீரம் 250 மைக்ரோலிட்டர், கரைசலும் அதே அளவு, நல்லா கலக்கி பத்து நிமிஷம் வெச்சுட்டு சென்ட்ரிஃபியூஜ்ல சுத்துவோம். பெரிய உருண்டை எல்லாம் அடியில வெள்ளையா படிஞ்சிரும், மேல தெளிஞ்சு நிக்கறதை மட்டும் எடுத்து திரும்ப ஓட்டுவோம். பாதிக்குப் பாதி கலந்ததால வர்ற நம்பரை ரெண்டால பெருக்கணும். எடுக்கறப்ப பைப்பெட் நுனி அடியில படிஞ்சதைத் தொட்டுட்டா நம்பர் பொய்யா ஏறிடும்.

கார்த்தி_மைக்ரோ: சிம்பிள் சிஸ்டர், பெக்குக்கு அப்புறம் 40 சதவீதத்துக்குக் கீழ மிஞ்சினா மேக்ரோ, கவலையே படாதீங்க. 60க்கு மேலன்னா நிஜமாவே ஹை.

தேவி_மா: எனக்கும் இதேதான்! மொத்தம் 210, பெக்குக்கு அப்புறம் 61, ரிப்போர்ட்ல மேக்ரோபுரோலாக்டின் பாசிட்டிவ்னு போட்டிருந்துச்சு, அதனால பயமில்லன்னு விட்டுட்டேன். பீரியட்ஸ்தான் நாலு மாசமா வரல, அது டென்ஷனா இருக்கும்னு நெனச்சேன்.

லேப்_ரமணி: தேவிக்கா, தயவுசெஞ்சு இதை விடாதீங்க. 210க்கு 61ன்னா 29 சதவீதம், கார்த்தி கணக்குப்படி மேக்ரோதான், ஆனா மிச்சம் நிக்கற அந்த 61 நிஜமான சின்ன புரோலாக்டின், அதுவே நார்மலைத் தாண்டி நிக்குது. மேக்ரோவும் இருக்கு, கூடவே நிஜமான ஏற்றமும் இருக்கு. பீரியட்ஸ் வேற நின்னிருக்கு, முதல்ல கர்ப்பமான்னு பாத்துட்டு எண்டோகிரைன் டாக்டர்கிட்ட போயிருங்க.

கார்த்தி, சதவீதம் தப்புன்னு சொல்லல, அது மேக்ரோ இருக்கான்னுதான் சொல்லும், மிஞ்சினது எவ்ளோன்னு சொல்லாது. பெக் கொஞ்சம் நிஜமான புரோலாக்டினையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும், அதனால பெக்குக்கு அப்புறமான நார்மல் ரேஞ்சை தங்களோட மெஷினுக்குன்னு தனியா போட்டு வெச்சிருக்கற லேப்தான் சரி.

கார்த்தி_மைக்ரோ: ஓ, எங்க லேப்ல சதவீதம் மட்டும்தான் அடிச்சுக் குடுக்கறாங்க. நம்பரையும் கேட்டு வாங்கணும் போல.

நித்யா_ஈரோடு: அக்கா, டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துட்டேன். மொத்தம் 78, பெக்குக்கு அப்புறம் 7.1னு மட்டும் இருக்கு. இது ரெண்டால பெருக்கினதா இல்லையா?

லேப்_ரமணி: அதை லேப்புக்கே போன் போட்டுக் கேளும்மா. பெருக்கலன்னா 14.2, 18 சதவீதம். பெருக்கினதுன்னா 7.1, ஒன்பது சதவீதம். எப்படிப் பாத்தாலும் நிஜமான புரோலாக்டின் ஏறல, சிம்ப்டமும் இல்ல. ரிப்போர்ட்டை பத்திரமா வெச்சுக்க, வேற லேப்ல வேற மெஷின்ல போட்டா மொத்த நம்பர் நல்லாவே மாறி வரும், ஒவ்வொரு மெஷினும் அந்த உருண்டையை ஒவ்வொரு அளவுக்குப் பிடிக்கும்.

நித்யா_ஈரோடு: போன் பண்ணேன், பெருக்காததுதானாம், அப்ப 14.2. டாக்டர் கேபர்கோலின் வேணாம்னுட்டாங்க. எம்ஆர்ஐ மட்டும் எதுக்கும் எடுத்துருவோமான்னு வீட்ல ஒரே பேச்சு.

கார்த்தி_மைக்ரோ: எடுத்துடுங்க சிஸ்டர், மனசு நிம்மதி.

லேப்_ரமணி: எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒன்னுமே இல்லாத ஆளுங்களுக்கும் புரோலாக்டினைச் சுரக்கற பிட்யூட்டரி சுரப்பில சின்னதா ஏதாவது தெரியறது சகஜம், அப்புறம் அதைத் துரத்திட்டே இருக்கணும். ஆனா உன்னை நேர்ல பாக்கற டாக்டர் சொல்றதுதான் கணக்கு.

தேவி_மா: ரமணி, வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். பழைய ரிப்போர்ட்டோட போனா போதுமா, திரும்ப ரத்தம் குடுக்கணுமா?