மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சென்னையில் மேற்கு பார்த்த அறைக்கு 3 சதுர மீட்டர் ஜன்னல் போடுகிறோம். ஒரு கடைக்காரர் சாதா இரட்டைக் கண்ணாடியே போதும் என்கிறார். எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. மாலை வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என்று வைத்தால், ஒற்றைக் கண்ணாடி (வெயில் வெப்பத்தில் உள்ளே விடும் பங்கான எஸ்.எச்.ஜி.சி. சுமார் 0.8) 1440 வாட்டை உள்ளே விடும். சாதா இரட்டைக் கண்ணாடி (0.7) 1260 வாட் விடும். நடுவிலுள்ள காற்று வெளிச்சூட்டைத்தான் தடுக்கும். வெளியே 38, உள்ளே 26 டிகிரி என்றால் அதில் மிச்சமாவது ஏறக்குறைய 100 வாட்தான். நேர் வெயில் இரண்டையும் தாண்டி வந்துவிடும்.

வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் லோ-இ பூச்சு உள்ள இரட்டைக் கண்ணாடியில் 0.3 கிடைத்தால் 540 வாட்தான். ஆனால் எல்லா லோ-இ-யும் அப்படியில்லை. குளிர்நாட்டு வகை வெயிலை வேண்டுமென்றே உள்ளே விடும். அதனால் விலைப்பட்டியலில் வெளிச்சூடு கடந்து வரும் அளவைச் சொல்லும் யு மதிப்பு மட்டும் இருந்தால் நம்ப முடியாது, இல்லையா?

அப்புறம், பூச்சு வெளிக்கண்ணாடியின் உட்பக்கம், அதாவது வெளியிலிருந்து இரண்டாவது பரப்பில் இருக்க வேண்டும். லைட்டர் சுடரைக் காட்டினால் தெரியும் நான்கு பிம்பங்களில் நிறம் மாறியதுதான் பூச்சுள்ள பரப்பு என்கிறார்கள். மாட்டிய பிறகு இப்படிச் சரிபார்த்தவர்கள் உண்டா? 0.3-க்குக் கீழே போனால் அறை இருட்டாகிறதா?