‘360 டிகிரி ஃபீட்பேக்’ – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மலர்விழி:
வணக்கம். மனிதவளத் துறைக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒருவரைப் பற்றி மேலதிகாரி, சக பணியாளர்கள், அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் என எல்லாரிடமும் கேட்டுத் தொகுப்பதை ‘முழுவட்ட மதிப்பீடு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

சேதுராமன்:
‘மதிப்பீடு’ வேண்டாம் அம்மா. அந்தச் சொல்லைப் படிவத்தின் தலைப்பில் பார்த்தாலே சம்பள உயர்வுக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள். பிடித்தவருக்கு எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு 5, போட்டியாளருக்கு 2 என்று விழும். வளர்ச்சிக்காகக் கேட்பதென்றால், அறிக்கை முதலில் யாரைப் பற்றிக் கேட்டோமோ அவர் கைக்குத்தான் போக வேண்டும். ‘பல்தரப்புப் பின்னூட்டம்’ என்பது என் பரிந்துரை. ‘முழுவட்டம்’ அழகாக இருக்கிறது, ஆனால் யார் யாரிடம் கேட்கிறோம் என்பதைச் சொல்வதில்லை.

நஸ்ரின்:
எங்கள் கல்லூரியில் பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியர்களுக்குப் படிவம் நிரப்புகிறார்கள். அதற்கும் இதே சொல்லா?

சேதுராமன்:
அங்கே ஒரே தரப்புதானே நஸ்ரின். துறைத்தலைவரும் சக ஆசிரியர்களும் சேர்ந்தால் இந்தச் சொல் பொருந்தும்.

கதிரவன்:
‘பின்னூட்டம்’ என்றால் வலைப்பதிவுக்குக் கீழே எழுதுவது என்றுதான் பலர் புரிந்துகொள்வார்கள். ‘பல்தரப்புக் கருத்தறிதல்’ நல்லது. இன்னொன்று, பெயரை மறைத்துவிட்டால் போதும், எல்லாரும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

சேதுராமன்:
பெயரை மறைத்தால் பாதிதான் மறைகிறது கதிரவன். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குழுத்தலைவரைப் பற்றிச் சக பணியாளர்கள் 5 பேரும், கீழே இருப்பவர்கள் 2 பேரும் பதில் தருகிறார்கள். ஒரு தரப்பில் குறைந்தது 3 பேர் இருந்தால்தான் அதன் சராசரியைத் தனியாகக் காட்டுவது வழக்கம். எனவே 2 பேரின் சராசரியை மறைத்து, சக பணியாளர் சராசரி 4.0, எழுவரின் சராசரி 3.43 என்று அச்சிடுகிறார்கள். அவர் கணக்குப் போட்டால் போதும். எழுவரின் மொத்தம் 24, ஐவரின் மொத்தம் 20. மீதி 4, அதாவது கீழே இருக்கும் இருவரும் சராசரியாக 2 கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் அந்த இருவர் முகத்தையும் அவர் எப்படிப் பார்ப்பார்? இந்த நிலையில் இரு தரப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும், ஐவரின் எண்ணைத் தனியே காட்டவே கூடாது. மேலதிகாரி பெரும்பாலும் ஒருவர்தான் என்பதால் அவர் பதிலை மறைக்க முடியாது. அதை அவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

எழுத்துக் கருத்துகள் இன்னும் ஆபத்தானவை. ‘செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் என் வரைபட விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினார்’ என்று இருந்தால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். ‘கூட்டத்தில் பிறர் சொல்வதை முடிக்க விடுவதில்லை’ என்று தொகுப்பவர் மாற்றி எழுத வேண்டும். ‘திமிர் பிடித்தவர்’ என்ற ஒற்றைச் சொல்லில் நடத்தை எதுவும் இல்லை, அதை வைத்து அவரால் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. எடுத்துவிடலாம்.

மலர்விழி:
அப்படி மாற்றினால் சொன்னவரின் குரல் போய்விடாதா? மாற்றுவோம் என்று படிவத்திலேயே எழுத வேண்டுமா?

சேதுராமன்:
கட்டாயம் எழுத வேண்டும். குரல் கொஞ்சம் போகத்தான் செய்யும், எவ்வளவு மாற்றலாம் என்பதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. கேள்விகளில் ‘பார்த்ததில்லை’ என்ற விடையும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால், தெரியாதவர்கள் எல்லாம் நடுவில் 3 போட்டுவிடுவார்கள். பிறகு அந்தச் சராசரியைப் பார்த்து ‘நான் சுமார்தானா’ என்று அவர் நொந்துகொள்வார்.

பொன்னி:
அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதுவும் வெள்ளி மாலையில் அனுப்பிவிட்டுப் போவதுதான் பெரும் கேடு. இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு மோசமான வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். வாரத்தின் தொடக்கத்தில், ஒரு மணி நேரமாவது ஒதுக்கி, நேரில் தர வேண்டும். முதலில் அவர் தனக்குத் தானே கொடுத்த எண்களை எடுத்துப் பேச வேண்டும். பிறகு மற்றவர்கள் அவரைவிட உயர்வாகப் பார்த்த இடங்கள், அதன் பிறகே வேறுபாடு பெரிதாக உள்ள இடங்கள். திருத்த இரண்டு நடத்தைகளைத் தேர்ந்தெடுத்தால் போதும், பன்னிரண்டைக் கொடுத்தால் எதுவும் நடக்காது. பதில் தந்தவர்களிடம் ‘இந்த இரண்டில் முயல்கிறேன்’ என்று அவரே சொல்லிவிட்டால், யார் எழுதியது என்று தேடும் எண்ணம் பெருமளவு குறையும்.

கதிரவன்:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் இந்திய அரசு இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க இதே முறையைப் பயன்படுத்தியது. வெளிப்படைத்தன்மை இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2017இல் குறைகூறியது. அங்கே அது மதிப்பீடுதானே?

சேதுராமன்:
ஆமாம், பதவிக்காகக் கேட்டால் அது மதிப்பீடுதான். அதனால்தான் இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன்.

மலர்விழி:
வளர்ச்சிக்கானதற்குப் ‘பல்தரப்புப் பின்னூட்டம்’, பதவித் தேர்வுக்கானதற்குப் ‘பல்தரப்பு மதிப்பீடு’ என்று வரைவில் மாற்றுகிறேன். கதிரவன் ஐயாவின் ‘கருத்தறிதல்’ கேட்கும் கட்டத்துக்குப் பொருந்தும், அதை அங்கே வைக்கிறேன். அந்த ‘3 பேர்’ விதிக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை. ‘மறைவு வரம்பு’ என்று போட்டால் புரியுமா?