ஷாட் பீனிங் செய்தும் ஸ்பிரிங் உள்பக்கத்தில் உடைகிறது

4 மி.மீ. குரோம்-சிலிக்கான் கம்பியில் சுற்றிய அமுக்கு ஸ்பிரிங். சிறு குண்டுகளை வீசி மேற்பரப்பை அடிக்கும் ஷாட் பீனிங் செய்தும் சோதனை மேடையில் சீக்கிரமே உடைகிறது. விரிசல் எப்போதும் சுருளின் உள்பக்கத்தில்தான் தொடங்குகிறது. தகைவு அதிகம் வரும் இடமும் அதுதான். பீனிங் தரும் அமுக்கத் தகைவு அங்கே இருந்தால், சுமை தரும் இழுவிசையைக் கழித்து விரிசலின் வாயைத் திறக்கவிடாது.

குண்டடியின் வலுவை அளக்க வைக்கும் ஆல்மென் பட்டையின் வளைவு சரியாகவே வருகிறது. ஆனால் பட்டை திறந்த வெளியில் தட்டையாகக் கிடக்கிறது, சுருளின் உள்பக்கம் அப்படியா? லென்ஸில் பார்த்தால் வெளிப்பக்கம் முழுக்கக் குழிகள், உள்பக்கத்தில் கம்பியின் பழைய நெடுக்குக் கோடுகள் அப்படியே தெரிகின்றன. நேரத்தைக் கூட்டியும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. பீனிங்குக்குப் பிந்தைய சூடு 220 டிகிரி செல்சியஸ்தான், அதை நான் சந்தேகிக்கவில்லை.

குண்டு 0.8 மி.மீ., சுருள் இடைவெளி 2 மி.மீ. உள்பக்கத்தை எட்ட, சிறிய குண்டுக்கு மாறுவதா, ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்து இடைவெளியைத் திறந்து அடிப்பதா?