கேட் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும் என்பதை நான் எண்ணிய விதம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஓசூர் மெக்கானிக்கல்:
2022 பிப்ரவரியில் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதினேன். ரிசல்ட் மார்ச் 17 அன்று வந்தது. நல்ல ஸ்கோர்தான். ஆனால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வருஷம் செல்லும் என்பதால் 2025 ஜூலையில் எம்.டெக். சேரலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். 2025இல் என்.ஐ.டி.களின் எம்.டெக். சேர்க்கைக்கான CCMT பதிவைத் திறந்தால், கேட் எழுதிய வருஷத்துக்கு 2023, 2024, 2025 என்று மூன்றுதான் இருந்தன. என் வருஷம் இல்லவே இல்லை. பக்கத்தை நாலைந்து தடவை புதுப்பித்துப் பார்த்தேன். நான் எங்கே தப்புவிட்டேன்?

காரைக்குடி அக்கா:
தம்பி, மூன்று வருஷம் என்பது ரிசல்ட் வந்த நாளிலிருந்து. உன்னுடையது 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. சேர்க்கை அதற்கப்புறம்தான் நடக்கிறது. ஆக 2022, 2023, 2024 ஆகிய மூன்று சேர்க்கைகளுக்குத்தான் அது உதவியிருக்கும். எழுதிய வருஷத்தையும் சேர்த்து விரல்விட்டு எண்ண வேண்டும். ஐ.ஐ.டி.களின் எம்.டெக். சேர்க்கைக்கான COAPஇலும் இதே கணக்குதான்.

நெட் பாஸ்:
எனக்குத் தெரிந்து ஸ்கோர் காலாவதியே ஆகாதே? என் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

காரைக்குடி அக்கா:
நீங்கள் சொல்வது யு.ஜி.சி. நெட்டில் வரும் உதவிப் பேராசிரியர் தகுதி. அதே நெட்டில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்கு மூன்று வருஷம்தான். கேட் வேறு தேர்வு.

இயற்பியல் பெண்:
நான் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வை எழுதினேன். அது அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான். வீட்டில் ஒரு வருஷம் தள்ளிப் போகச் சொன்னார்கள், மறுபடி முதலிலிருந்து படித்து எழுதினேன். மூன்று வருஷம் கிடைப்பதே பெரிய விஷயம்.

சேலம் சிவில்:
என்னிடம் செல்லுபடியாகும் ஸ்கோர் இரண்டு இருந்தன. புதியதில் மார்க் கூட இருந்ததால் அதுதான் நல்லது என்று நினைத்து அதை மட்டும் நிரப்பினேன். மார்க் எவ்வளவோ அதுதானே முக்கியம்?

காரைக்குடி அக்கா:
பாதி சரி. சீட்டுக்குப் பார்ப்பது 100க்கு எடுத்த மார்க்கை அல்ல, 1000க்குப் போடும் ஸ்கோரை. வருஷத்துக்கு வருஷம் வினாத்தாளின் கடினம் மாறுவதால்தான் அந்த ஏற்பாடு. பொதுப்பிரிவின் தகுதி மார்க் 350 ஆகிறது, முன்னணியில் இருப்பவர்களின் சராசரி மார்க் 900 ஆகிறது. இடையில் இருப்பதை அளந்து போடுகிறார்கள்.

புரிவதற்காக ஒரு கணக்கு. ஒரு வருஷம் தகுதி மார்க் 25, உச்ச சராசரி 80 என்று வைத்துக்கொள். இடையில் உள்ள 55 மார்க்குக்கு 550 ஸ்கோர், ஒரு மார்க்குக்கு 10. அப்போது 46 எடுத்தவனுக்கு 560 வரும். இன்னொரு வருஷம் தாள் எளிது. தகுதி 28, உச்சம் 83. அதில் 48 எடுத்தவனுக்கு 550தான். மார்க் இரண்டு கூட, ஸ்கோர் பத்துக் குறைவு. அதனால் பழையதையும் நிரப்பியிருக்க வேண்டும் நீ.

சேலம் சிவில்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பழையதில் ஸ்கோர் கூடத்தான் இருக்கிறது. மனசு கஷ்டமாக இருக்கிறது.

விருதுநகர் இ.சி.இ.:
என் கதையையும் கேளுங்கள். ஸ்கோர் செல்லுபடியாகத்தான் இருந்தது, ஸ்கோர் கார்டு கையில் இல்லை. 2023இல் தேறியதும் ரிசல்ட் பக்கத்தை மட்டும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். கார்டை மே 31 வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அப்புறம் டிசம்பர் 31 வரை ஒரு தாளுக்கு 500 ரூபாய் கட்டி எடுக்கலாம். ஜனவரி பிறந்தால் தரவே மாட்டார்கள். அடுத்த வருஷம் சேர்க்கைக்கு ஏப்ரலில் தேடும்போதுதான் எனக்கு இது தெரிந்தது. படம் எடுத்ததை யாரும் ஏற்கவில்லை. தேறியவர்கள் இன்றே பி.டி.எஃப்.ஐ மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

ஓசூர் மெக்கானிக்கல்:
2024இல் மறுபடி எழுதியது ஒன்று இருக்கிறது, ஸ்கோர் கொஞ்சம் குறைவு. அதை வைத்துச் சேர்ந்தால் 2027 மார்ச்சில், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். மாதம் 12,400 உதவித்தொகை நின்றுவிடுமா?

காரைக்குடி அக்கா:
நிற்காது. சேரும் நாளில் ஸ்கோர் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால் நீ ஓ.பி.சி. என்றால் பழைய சான்றிதழை நம்பாதே. அந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைத்தான் கேட்பார்கள். ஸ்கோர் மூன்று வருஷம் நின்றாலும் அது நிற்காது. தாலுகா ஆபீஸில் இப்போதே மனு போடு.

நெய்வேலி டிப்ளமோ டு டிகிரி:
பொதுத்துறை வேலைக்கும் பழைய ஸ்கோர் போதுமா? விளம்பரத்தில் ஒரே ஒரு வருஷத்தின் பெயர்தான் போட்டிருந்தது. எழுதியும் கேட்டேன், பதில் வரவில்லை.

சேலம் சிவில்:
நான் பார்த்தவரை விளம்பரத்தில் போட்ட வருஷம்தான். வேறு மாதிரி நடந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.