சென்னை மச்சானின் வரி: சம்பளச் சீட்டில் உள்ள வாடகைப்படி முழுவதும் கழியுமா?

பரந்தன் பெடியன்: தங்கச்சியைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்கு 2025-26 ஆண்டுச் சம்பளம் 16 இலட்சம் இந்திய ரூபா. பழைய வரிமுறையா, புதியதா என்று கொம்பனி கேட்கிறது. சீட்டில் வாடகைப்படி என்று 4 இலட்சம் இருந்தால் அது முழுவதும் கழியும், பழையதே லாபம் என்று குளக்கட்டு அண்ணை போன கிழமை இங்கே எழுதினார். உண்மையா? அடிப்படைச் சம்பளம் 8 இலட்சம், கட்டுகிற வாடகை மாதம் 25,000. சேமலாப நிதியும் ஆயுள் காப்புறுதியும் சேர்த்து ஒன்றரை இலட்சம், மருத்துவக் காப்புறுதி 25,000, தொழில்வரி 2,500.

மாங்குளத்தான்: முழுவதும் கழியாது. போன கிழமை அதை வாசித்ததில் இருந்து எனக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகத்தில் 11 வருடம் இருந்தவன் நான். ஒவ்வொரு மாசியும் பங்குனியும் இந்த வாடகைப்படிக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தொகைகளை எடுத்து, எது குறைவோ அதை மட்டும்தான் கழிக்க விடுவார்கள். கொம்பனி தந்த படி ஒன்று, அது 4 இலட்சம். அடிப்படைச் சம்பளத்தில் பாதி இன்னொன்று, சென்னை என்பதால்தான் பாதி, அதுவும் 4 இலட்சம். மூன்றாவதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கட்டிய வாடகையில் இருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். வருட வாடகை 3 இலட்சம், அதில் 80,000 போனால் 2,20,000. மச்சானுக்குக் கழிவது அவ்வளவுதான்.

குளக்கட்டு: என் பெயரைச் சொல்லிவிட்டார்கள், அதனால் வருகிறேன். என் சகோதரன் அடையாறில் இருக்கிறான். அவனுக்கும் வாடகைப்படி 4 இலட்சம்தான். கொம்பனி கொடுத்த வரிச் சான்றிதழான அவனுடைய படிவம் 16-இல் 4 இலட்சமும் கழிந்திருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு உங்கள் வாய்க்கணக்கை நம்பவேண்டுமா?

மாங்குளத்தான்: உங்கள் சகோதரன் கட்டுகிற வாடகை எவ்வளவு?

குளக்கட்டு: அவன் வாடகை இதற்குள் ஏன் வருகிறது? படி 4 இலட்சம், கழிவு 4 இலட்சம். அதுதான் கதை.

வவுனியா ரீச்சர்: ஒன்றும் விளங்கவில்லை. நானும் எந்த முறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா? எங்கள் வலயத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லையே. வருடம் 18 இலட்சம் வரை வரி இல்லை என்றுதானே 2025 சித்திரையில் சொன்னார்கள்?

மாங்குளத்தான்: ரீச்சர், அது நம் நாட்டு வரி. இங்கே இரண்டு முறை கிடையாது, நீங்கள் எதையும் தெரிவுசெய்ய வேண்டியதில்லை. இது இந்தியாவில் சம்பளம் வாங்குகிறவர்களின் சிக்கல்.

சரி, பெடியனுக்குக் கணக்கு. பழைய முறையில் 16 இலட்சத்தில் இருந்து நிலையான கழிவு 50,000, வாடகைக்கு 2,20,000, சேமிப்புக்கு 1,50,000, மருத்துவக் காப்புறுதி 25,000, தொழில்வரி 2,500 எல்லாம் போனால் மிச்சம் 11,52,500. முதல் இரண்டரை இலட்சத்துக்கு வரி இல்லை. 5 இலட்சம் வரை 5 வீதம், அது 12,500. 10 இலட்சம் வரை 20 வீதம், அது 1,00,000. மேலே நிற்கிற 1,52,500-க்கு 30 வீதம், அது 45,750. கூட்டினால் 1,58,250. அதன் மேல் 4 வீத மேல்வரி சேர்ந்து 1,64,580.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும். வாடகை, காப்புறுதி ஒன்றும் கிடையாது. ஆக 15,25,000. ஆனால் வரி வீதங்கள் தாழ்ந்தவை. 4 இலட்சம் வரை இல்லை, அடுத்த 4 இலட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 இலட்சத்துக்கு 40,000, மிச்சம் 3,25,000-க்கு 15 வீதம் 48,750. மேல்வரியோடு 1,13,100.

புதியதில் 51,480 ரூபா குறைவு.

குளக்கட்டு: இப்போது பிடிபட்டது. வாடகையில் 2,20,000 என்று வெட்டிவிட்டுத்தான் இந்த விடை வருகிறது. 4 இலட்சத்தையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் 9,72,500 வரும், மேல்வரியோடு வரி 1,11,280. உங்கள் புதிய முறையை விட 1,820 ரூபா குறைவு. நான் போன கிழமை சொன்னது அச்சொட்டாகச் சரி. படிவத்தில் 4 இலட்சம் இருக்கிறது, அதை நான் பார்த்தேன்.

மாங்குளத்தான்: உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எடுத்த தொகைதான் பிழை. 25,000 வாடகை கட்டுகிறவருக்கு 4 இலட்சம் கழியாது. பத்துத் தடவை கேட்டாலும் கழியாது. சகோதரனின் வாடகையைச் சொல்லுங்கள்.

நெடுங்கேணி அக்கா: என் தம்பி திருச்சியில் கடனுக்கு வீடு வாங்கிவிட்டுச் சென்னையில் வாடகைக்கு இருக்கிறான். சம்பளமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அவனுக்குப் பழைய முறைதான் நல்லது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் பெடியனின் மச்சானுக்கும் அதுதானே?

மாங்குளத்தான்: இல்லை அக்கா, உங்கள் தம்பிக்குப் பழையது நல்லதாக இருப்பதன் காரணம் அந்த வீட்டுக் கடன் வட்டி. குடியிருக்க வாங்கிய வீட்டுக்கு வருடம் 2 இலட்சம் வரை வட்டியைப் பழைய முறையில் கழிக்கலாம். வேலை சென்னையில், வீடு திருச்சியில் என்பதால் வாடகைக் கழிவும் சேர்ந்தே கிடைக்கும். இதே மச்சானுக்கு அப்படி 2 இலட்சம் வட்டி இருந்தால் 9,52,500-க்கு வந்துவிடும், வரி 1,07,120. அப்போது பழையது 5,980 ரூபா லாபம்.

தலைகீழாகவும் பார்க்கலாம். இந்தச் சம்பளத்தில் இரண்டும் சமமாக வர, பழைய முறையில் எல்லாக் கழிவும் சேர்ந்து 6,18,750 ஆக வேண்டும். மச்சானிடம் இருப்பது 4,47,500. மிச்சம் 1,71,250-ஐ எங்கே தேடுவார்?

நெடுங்கேணி அக்கா: அவன் வீடு வாங்கியதே வரிக்காகத்தான் என்று சொல்வதுபோல் இருக்கிறது. அவன் வெளிநாட்டில் கஷ்டப்பட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைப்பதற்காக வாங்கியது.

மாங்குளத்தான்: நான் அப்படிச் சொல்லவே இல்லை அக்கா.

முல்லைத்தீவு ரூபன்: ஏன் இவ்வளவு சண்டை? வீட்டுக்காரரிடம் மாதம் 40,000 என்று பற்றுச்சீட்டு வாங்கினால் முடிந்தது. அங்கே எல்லாரும் செய்கிறார்கள்.

மாங்குளத்தான்: தம்பி, இந்தப் புத்தியைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதே. வருடம் ஒரு இலட்சத்துக்கு மேல் வாடகை என்றால் வீட்டுக்காரரின் வருமானவரி எண்ணான பான் எண்ணைக் கொம்பனிக்குக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணில் வாடகை வருமானம் எவ்வளவு காட்டப்பட்டிருக்கிறது என்று துறை பார்க்கும். மச்சானின் வங்கிக் கணக்கில் இருந்து 25,000 போயிருக்கும், பற்றுச்சீட்டில் 40,000 இருக்கும். பொய்யாகக் காட்டியதாகத் தீர்த்தால் ஒளித்த வரியைப்போல் இரண்டு மடங்கு தண்டம், வரியும் வட்டியும் வேறு. அலுவலகத்தில் அப்படி ஒரு கடிதத்தோடு வந்து அழுத மனுசனை நான் பார்த்திருக்கிறேன்.

குளக்கட்டு: 40,000 என்றதும் ஞாபகம் வருகிறது. சகோதரன் கட்டுவதும் 40,000தான். அதற்கும் 4 இலட்சம் கழிந்ததற்கும் சம்பந்தம் இல்லை.

மாங்குளத்தான்: அதுதான் முழுச் சம்பந்தமும்! இதைத்தானே காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கும் அடிப்படைச் சம்பளம் 8 இலட்சம் என்றால், வருட வாடகை 4,80,000, அதில் 80,000 போனால் 4,00,000. மூன்று தொகையும் ஒன்றாக வந்து நின்றிருக்கிறது. அதனால்தான் படிவத்தில் 4 இலட்சம். வாடகை 39,000 என்றிருந்தால் 3,88,000தான் கழிந்திருக்கும்.

குளக்கட்டு: ஆகவே 4 இலட்சம் கழிந்தது. நான் சொன்னதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி.

மாங்குளத்தான்: அவருக்குக் கழிந்தது. 25,000 கட்டுகிறவருக்குக் கழியாது. நீங்கள் எழுதியது "எல்லாருக்கும் முழுவதும் கழியும்" என்று.

குளக்கட்டு: "எல்லாருக்கும்" என்ற சொல்லை நான் எழுதவில்லை. பெரும்போகத்தின்போது தண்ணி மோட்டார் பற்றி நான் சொன்னதையும் இப்படித்தான் திரித்தீர்கள். அன்றைக்கும் பிறகு உங்கள் வயலில்தான் தண்ணி நின்றது.

மாங்குளத்தான்: மோட்டாரை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? வாடகையைப் பற்றிக் கதையுங்கள்.

வவுனியா ரீச்சர்: எனக்கு வேறொரு கவலை. வாத்தியாராக 24 வருடம் பார்க்கிறேன், கட்டாயம் இல்லாவிட்டால் எங்கள் சனம் சேமிக்காது. வரி குறையும் என்றுதான் அந்த மச்சான் ஆயுள் காப்புறுதி கட்டியிருப்பார். புதிய முறையில் அதற்குக் கழிவு இல்லை என்றால் நாளைக்கு அதை நிறுத்திவிட மாட்டாரா?

மாங்குளத்தான்: சேமலாப நிதி சம்பளத்தில் இருந்தே போகும் ரீச்சர், அது நிற்காது. காப்புறுதி வேண்டும் என்றால் புதிய முறையிலும் கட்டலாம், வரி குறையாது, அவ்வளவுதான். மிச்சப்படும் 51,480-ஐ அவரே வங்கியில் போடட்டும்.

வவுனியா ரீச்சர்: போடுவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கையில் வந்த காசு நிற்காது. நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நெடுங்கேணி அக்கா: ரீச்சர் சொல்வது சரி. என் தம்பி கடன் இல்லாவிட்டால் ஒரு சதமும் சேர்த்திருக்க மாட்டான்.

பரந்தன் பெடியன்: மாங்குளத்து அண்ணை, மச்சானிடம் இப்போதுதான் கதைத்தேன். கொம்பனியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு மாற்ற ஏலாது என்று பயப்படுகிறார். அதோடு வீட்டுக்காரர் பான் எண்ணும் தரமாட்டேன் என்கிறாராம்.

மாங்குளத்தான்: கொம்பனியிடம் சொல்வது மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்பதற்காக மட்டும். அவருக்குச் சம்பளம்தான் வருமானம், வியாபாரம் இல்லை, ஆகவே வருட முடிவில் வரி விவரணம் போடும்போது மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடமும் மாற்றலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழையது வேண்டும் என்றால் கடைசித் தேதிக்கு முன்பே விவரணம் போட வேண்டும். பிந்தினால் புதியதுதான். எதுவும் சொல்லாமல் விட்டாலும் புதியதுதான்.

புதியதை எடுத்தால் வாடகைக் கழிவே இல்லை, வீட்டுக்காரரின் எண்ணும் வேண்டாம், பற்றுச்சீட்டும் வேண்டாம். வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று மச்சானிடம் சொல்.

குளக்கட்டு: பெடியன், முடிவெடுக்க முதல் மச்சானின் சம்பளச் சீட்டை ஒருக்கால் பார். அதில் வாடகைப்படி என்று எவ்வளவு இருக்கிறது?

பரந்தன் பெடியன்: 4 இலட்சம் அண்ணை. முதலிலேயே எழுதினேனே.

குளக்கட்டு: அதைத்தான் நானும் சொல்லுகிறேன்.

மாங்குளத்தான்: வாடகை 25,000!