கலைச்சொல்: பில் வந்த வரிசையும் காபி போடும் வரிசையும்

மீனாட்சி (கோவை) எழுதியது:

வணக்கம். காபிக் கடை ஊழியர்களுக்கான பயிற்சிக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அலுவலகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் கடை. குரூப் எனப்படும் காபி இறங்கும் தலை இரண்டு உள்ள எஸ்பிரெஸோ இயந்திரம், காபி போட ஒரு பாரிஸ்டா, பில் போட ஒருவர். காலை நெரிசலில் சீட்டு வந்த வரிசையிலேயே ஒவ்வொரு கோப்பையாக முடித்துக்கொண்டிருந்தால் கூட்டம் வாசல்வரை போய்விடும். எதைச் சேர்த்துப் போடுவது, எதை நடுவில் நுழைப்பது என்று முடிவுசெய்வதை சீக்வென்சிங் என்கிறார்கள். "வரிசைமுறை" என்று எழுதினேன். ஊழியர்கள் அதை "வந்த வரிசைப்படியே போடு" என்று புரிந்துகொண்டார்கள். நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். நல்ல சொல் தேவை.

ஒரு லாத்தேவுக்கு எங்கள் கணக்கு: தூளை அரைத்து, அழுத்தி, பூட்ட 20 விநாடி. காபி இறங்க 28. பாலை நுரைக்க 30. ஊற்றிக் கொடுத்து ஆவிக்குழாயைத் துடைக்க 15.

அருண் எழுதியது:

இது கணினித் துறையில் பழைய சிக்கல். நாங்கள் "பணி ஒழுங்கு" என்கிறோம், அதையே எடுத்துக்கொள்ளலாம். தீர்வும் தெரிந்ததுதான்: குறைந்த நேரம் பிடிக்கும் வேலையை எப்போதும் முதலில் முடித்தால் சராசரிக் காத்திருப்பு குறையும். எஸ்பிரெஸோவும் அமெரிக்கானோவும் முதலில், பால் சேர்ந்தவை பிறகு. ஒரே மாதிரி பானங்கள் எங்கே இருந்தாலும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

சுந்தரம் (கும்பகோணம்) எழுதியது:

கூட்டத்தை வரிசையில் நிறுத்துவதற்குச் சொல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கடையில் டோக்கன்தான், தனிச் சொல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. டிகாக்‌ஷன் விடியலிலேயே இறங்கிவிடும், பால் அடுப்பிலேயே இருக்கும். மாஸ்டர் ஆறு டம்ளரை வரிசையாக வைத்து டிகாக்‌ஷனை ஊற்றிக்கொண்டே போவார், பின்னாலேயே பால். சர்க்கரை இல்லாதது மட்டும் ஓரத்தில் தனியாக நிற்கும். ஆறு பேருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைக்குப் போய்விடும். உங்கள் இயந்திரத்தில் ஏன் இப்படி முடியாது?

ரஜனி (டொரொன்டோ) எழுதியது:

சுந்தரம் அண்ணா கேட்டது இழையை விட்டு விலகிய கேள்வி இல்லை. டிகாக்‌ஷனை வடித்து வைக்கலாம், எஸ்பிரெஸோவை முடியாது. இறக்கியதைப் பாலில் சேர்ப்பதென்றால் அரை நிமிடம் நின்றாலும் பாதகமில்லை. வெறுமனே குடிப்பவருக்கு அது உடனே போக வேண்டும். நுரைத்த பாலும் காத்திருக்காது, நுரை மேலே பால் கீழே என்று பிரிந்துவிடும். ஆகவே எங்கள் வேலையில் முன்கூட்டிச் செய்துவைக்க இடம் குறைவு. ஒன்று தானாக நடக்கும்போது கை இன்னொன்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வழி.

மீனாட்சி அக்காவின் கணக்கையே எடுப்போம். ஒரு லாத்தேவை ஒவ்வொரு படியாக முடித்தால் 93 விநாடி, இரண்டுக்கு 186. இப்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதல் குரூப்பை 20-ஆவது விநாடியில் பூட்டி இறங்க விட்டுவிட்டு இரண்டாவதை 40-க்குள் பூட்டலாம். இரண்டுக்கும் ஒரே பெரிய குவளையில் பால், ஏறக்குறைய 45 விநாடி. அதற்குள் இரண்டு காபியும் இறங்கியிருக்கும். ஊற்றித் துடைக்க 25. மொத்தம் 110. கை வேகம் கூடவில்லை, சும்மா நின்ற நேரம்தான் போயிருக்கிறது.

கப்புசினோவும் லாத்தேவும் சேர்ந்து வந்தாலும் இதே முறைதான். குவளையில் நுரை மேலாக நிற்கும் என்பதால் கப்புசினோவை முதலில் ஊற்றுங்கள். மூன்றாவது கோப்பையை அதே குவளையில் சேர்க்காதீர்கள். கடைசியில் ஊற்றுவது வெறும் சூடான பாலாக வரும்.

அருண் சொன்னது பாதி சரி. சீட்டுகள் இப்படி இருக்கட்டும்: கப்புசினோ, லாத்தே, எஸ்பிரெஸோ, ஓட்ஸ் பால் லாத்தே, கப்புசினோ. எஸ்பிரெஸோவை முதலில் நுழைத்தால் முன்னால் இருக்கும் இருவருக்கும் ஆளுக்கு 20 விநாடி கூடும். எஸ்பிரெஸோக்காரரோ முதல் ஜோடி முடிந்து, பிறகு தன்னுடையது அரைபட்டு இறங்கும்வரை நிற்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 110 விநாடி அவருக்கு மிச்சம். ஆகவே நுழைக்கலாம். ஆனால் "எப்போதும்" என்றால், பின்னாலேயே இன்னும் நான்கு கறுப்புக் காபி வரும்போது கப்புசினோக்காரர் நின்றுகொண்டே இருப்பார். நான் பழக்கிக்கொண்ட விதி, ஒரு சீட்டை ஒரு முறைதான் தாண்டலாம். ஐந்தாவதாக வந்த கப்புசினோவை முதலாவதோடு சேர்க்க மாட்டேன், ஓட்ஸ் பாலுக்குப் பிறகு அதன் இடத்திலேயே வரட்டும். ஓட்ஸ் பாலுக்கு எப்படியும் தனிக் குவளை.

சொல்லைப் பற்றி: "பணி ஒழுங்கு" இலங்கைக் காதுக்குக் கொஞ்சம் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி ஒலிக்கிறது. சீட்டு வருவதை "வருவரிசை" என்றும் கோப்பை தயாராவதை "செய்வரிசை" என்றும் சொன்னால் என்ன? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறுபாடு தானாகவே விளங்கும்.

அருண்:

சேர்ப்பதற்கு எல்லை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் "செய்வரிசை"யில் ஒரு குறை. செய்முறையின் படிகள் என்று தோன்றாதா? அரை, அழுத்து, பூட்டு என்பதும் செய்வரிசைதானே?

சுந்தரம்:

கடைப் பையனுக்கு "போடும் வரிசை" என்றாலே போதுமே. காபி போடுகிறோம், செய்வதில்லை.

மீனாட்சி:

சுந்தரம் ஐயா சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது, "போடும் வரிசை" பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. கையேட்டின் தலைப்புகளில் "செய்வரிசை" வைத்து, உள்ளே "போடும் வரிசை" என்றும் எழுதிப் பார்க்கிறேன். படிகளுக்கு "படிகள்" என்றே இருக்கட்டும்.

ரஜனி, ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன 110 விநாடி எங்கள் கடையில் வரவில்லை. பால் குளிர்பெட்டி பாரிஸ்டாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கோப்பை கொடுக்கும் இடம் பில் மேசைக்கு ஒட்டினாற்போல்.

ரஜனி:

அப்படியென்றால் செய்வரிசையைத் திருத்துவதற்கு முன்னால் மேடையைத் திருத்துங்கள். வேலை ஒரே திசையில் நகர வேண்டும்: சீட்டு, கோப்பை, அரவை, இயந்திரம், ஆவிக்குழாய், கொடுக்கும் இடம். பால் பெட்டி ஆவிக்குழாய்ப் பக்கம் மேடைக்குக் கீழே வந்தால் உடம்பு திரும்பாமல் கை மட்டும் போகும். சக்கையைத் தட்டும் பெட்டி அரவைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கொடுக்கும் இடம் பில் மேசைக்கு எதிர்முனையில் இல்லாவிட்டால், காத்திருப்பவர்கள் பணம் கட்ட வருபவரை மறித்து நிற்பார்கள். சீட்டே தாமதமாக வரும், அதை பாரிஸ்டாவின் மந்தம் என்று நினைப்பீர்கள்.

எங்கே தேங்குகிறது என்று தெரிய ஒரு காலை சும்மா நின்று பாருங்கள். சீட்டு குவிந்திருக்க இரண்டு குரூப்பும் காலியாக நின்றால் கைதான் போதவில்லை, தூள் போட ஒருவரைச் சேருங்கள். இறங்கிய காபி கோப்பையில் பாலுக்காகக் காத்து நின்றால் தேக்கம் ஆவிக்குழாயில். அப்போது கூடுதல் ஆள் வந்து அரைத்துத் தள்ளினாலும் காத்திருக்கும் காபிதான் கூடும்.

அருண்:

தேங்கும் இடத்துக்கும் சொல் வேண்டுமே. "இடர்முனை"?

மீனாட்சி:

"தேக்கம்" என்று ரஜனி எழுதியதே போதும் என்று நினைக்கிறேன். நான் மாட்டிக்கொண்டிருப்பது வேறொன்றில். செயலி வழியாக வரும் ஆர்டர்கள் ஒன்பது மணிக்குச் சேர்ந்தாற்போல் விழுகின்றன. ஆள் இன்னும் வந்திருக்க மாட்டார், ஆனால் சீட்டு வந்துவிட்டது. அது வருவரிசையில் எந்த இடத்தில் நிற்கும்? எதிரே நிற்பவரைத் தாண்டினால் அவருக்குக் கோபம். தாண்டாவிட்டால் எடுக்க வருபவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

ரஜனி:

நானும் ஒரே மாதிரி செய்ததில்லை. பாலில்லாததை ஆள் உள்ளே வந்த பிறகே போடுவேன். பால் சேர்ந்ததை, அதே பால் குவளையில் இருந்தால் மட்டும், எதிரே நிற்பவரின் ஜோடியாகச் சேர்ப்பேன். ஒரே நேரத்தில் பத்து விழுந்தால் இது உடைந்துவிடும். வேறு கடைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.